ஒரு பட்டைக்குள் இரண்டு துண்டுகள்: ஜெல்லில் டி.என்.ஏ. நீளத்தை அளப்பது

தடைகட்டு நொதியால் வெட்டிய டி.என்.ஏ.வை அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் படம் எடுத்தாகிவிட்டது. இருட்டுப் பின்னணியில் ஐந்து வெள்ளைப் பட்டைகள் தெரிகின்றன. பக்கத்துத் தடத்தில் நீளம் தெரிந்த துண்டுகள் வரிசையாக நிற்கின்றன. அடுத்த வேலை, ஒப்பிட்டு நீளம் எழுதுவது. பெரும்பாலான செய்முறைக் குறிப்பேடுகளில் இந்த இடத்தில்தான் தவறு நேர்கிறது. ஐந்து பட்டைக்கு ஐந்து எண்ணை எழுதிவிட்டு, ஐந்து துண்டுகள் என்று முடித்துவிடுகிறோம். ஜெல் காட்டுவது பட்டைகளை மட்டுமே. அந்தப் பட்டைக்குள் எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு மூன்று சாட்சிகள் உண்டு. பட்டை ஓடிய தூரம் ஒன்று, எல்லா நீளங்களின் கூட்டுத்தொகை இரண்டு, பட்டையின் பிரகாசம் மூன்று. மூன்றும் ஒத்துப்போனால்தான் முடிவை நம்பலாம். இந்த அத்தியாயத்தில் ஒரே ஓர் எடுத்துக்காட்டை முழுக்கச் செய்து பார்க்கப் போகிறோம். லாம்டா என்ற பாக்டீரியத் தின்னி வைரசின் டி.என்.ஏ.வை ஈக்கோஆர்-1 நொதியால் வெட்டி, துண்டுகளின் நீளத்தைக் கணிக்க வேண்டும். அளவுகோலாக, அதே லாம்டாவை ஹின்ட்-3 நொதியால் வெட்டியதை வைத்துக்கொள்கிறோம்.

லாம்டாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதன் முழு எழுத்துவரிசையை ஃபிரடெரிக் சேங்கரின் குழு 1982-இல் வெளியிட்டது. மொத்த நீளம் 48,502 கார இணைகள். நம் கணிப்பு எவ்வளவு சரி என்பதை இறுதியில் உண்மை விடையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

தூரம் ஏன் நீளத்தைச் சொல்கிறது

டி.என்.ஏ.வின் முதுகெலும்பில் வரிசையாக நிற்கும் பாஸ்பேட்டுகள் எதிர்மின்சுமை கொண்டவை. எனவே மின்புலத்தில் அது நேர்மின்வாயை நோக்கிச் செல்லும். நீளம் கூடக்கூட இழுக்கும் விசையும் கூடும், திரவத்தின் உராய்வும் அதே அளவில் கூடும். ஆகவே வெறும் பஃபரில் எல்லா நீளத் துண்டுகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போகும். பிரித்துக் கொடுப்பது அகரோஸின் வலைதான். சிறிய துண்டு வலையின் இடுக்குகளில் எளிதாக நுழைந்து ஓடுகிறது. பெரியது சிக்கிச் சிக்கி, பாம்புபோல் நெளிந்து வருகிறது.

ஓடும் தூரம் நீளத்தின் மடக்கையோடு ஏறக்குறைய நேர்கோட்டில் குறைகிறது. 1% ஜெல்லில் இந்த நேர்கோடு சுமார் 500 முதல் 6,000, 7,000 கார இணைகள் வரை நன்றாக நிற்கும். அதற்கு மேல் கோடு வளையத் தொடங்கும். மிக நீண்ட துண்டுகள் தலையை முன்னால் நீட்டி, மின்புலத் திசையில் நிமிர்ந்துவிடுகின்றன. அப்போது 23,000 நீளமுள்ளதும் 48,000 நீளமுள்ளதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகரும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் இந்த நெருக்கடி இன்னும் கீழே இறங்கி, 10,000 நீளத் துண்டுகளையும் பாதிக்கும்.

வெட்டாத லாம்டாவை ஒரு தடத்தில் ஓட்டிப் பாருங்கள். 48,502 நீளமுள்ள அது, அளவுகோலின் 23,130 பட்டைக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். அளவுகோலின் மிகப் பெரிய துண்டுக்கு மேலே உள்ள எதையும் தூரத்தை வைத்துக் கணிக்கக் கூடாது என்பதை இந்த ஒரு தடம் காட்டிவிடும்.

வெட்டுவது

20 மைக்ரோலிட்டர் கலவை போதும். மைக்ரோலிட்டருக்கு 500 நானோகிராம் அடர்த்தியுள்ள லாம்டா டி.என்.ஏ. 2 மைக்ரோலிட்டர், நொதியோடு வரும் பத்து மடங்கு பஃபர் 2 மைக்ரோலிட்டர், தூய நீர் 15 மைக்ரோலிட்டர். இவற்றைக் கலந்தபின் கடைசியாக நொதி 1 மைக்ரோலிட்டர், அதாவது சுமார் 10 யூனிட். டிப்பை மெல்ல மேலும் கீழும் இயக்கிக் கலந்து, 37 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம் வையுங்கள். இன்னொரு குழாயில் இதையே ஹின்ட்-3 நொதியோடும் அதன் பஃபரோடும் செய்தால் உங்கள் அளவுகோல் தயார். விலைக்கும் கிடைக்கிறது.

நொதி பாதியளவு கிளிசராலில் கரைந்து வருகிறது. கலவையில் நொதியின் பங்கு பத்தில் ஒன்றைத் தாண்டினால், கிளிசரால் மிகுந்து ஈக்கோஆர்-1 தன் இலக்கு வரிசையைப் போன்ற பிற இடங்களையும் வெட்டத் தொடங்கும். விரைவில் முடியட்டும் என்று நொதியை அள்ளி ஊற்றுவோருக்கு எதிர்பாராத சிறு பட்டைகள் கிடைப்பது இதனால்தான்.

நேரம் முடிந்ததும் ஆறு மடங்கு ஏற்றுச் சாயம் 4 மைக்ரோலிட்டர் சேருங்கள். அதிலுள்ள ஈடிடிஏ, நொதிக்குத் தேவையான மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு வினையை நிறுத்திவிடும். அடுத்தது லாம்டாவுக்கே உரிய ஒரு படி. இந்த வைரசின் டி.என்.ஏ.வின் இரு முனைகளிலும் 12 எழுத்து நீளமுள்ள ஒற்றை இழை நீட்சிகள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று பொருந்துபவை. குளிர்ந்த நிலையில் இடக்கோடித் துண்டும் வலக்கோடித் துண்டும் இவற்றால் ஒட்டிக்கொள்ளும். எனவே ஜெல்லில் ஏற்றும் முன் இரண்டு குழாய்களையும் 65 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, உடனே பனிக்கட்டியில் வையுங்கள். இதை மறந்தால் வரும் விளைவைப் பிறகு பார்ப்போம்.

ஜெல் வார்ப்பது, ஓட்டுவது

50 மில்லிலிட்டர் ஒரு மடங்கு டிஏஇ பஃபரில் 0.5 கிராம் அகரோஸ் போட்டால் 1% ஜெல். மைக்ரோவேவில் கொதிக்கவிட்டு, ஒரு துகளும் மிதக்காத அளவுக்குத் தெளியும்வரை உருக்குங்கள். கொதிக்கும்போது நீர் ஆவியாகும். முன்பும் பின்பும் குடுவையை எடைபோட்டு, குறைந்ததை நீரால் ஈடுசெய்யுங்கள். இல்லாவிட்டால் 1% என்று நினைத்தது 1.2% ஆகியிருக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 60 டிகிரிக்கு அருகே, வந்ததும் தட்டில் ஊற்றிச் சீப்பைப் பொருத்துங்கள். 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமன் போதும். அரை மணியில் உறைந்துவிடும்.

தொட்டியிலும் அதே டிஏஇ பஃபரை ஜெல் மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். குழிகள் கறுப்பு மின்வாய்ப் பக்கம் இருக்க வேண்டும், டி.என்.ஏ. சிவப்பை நோக்கி ஓடும். மாதிரியிலும் அளவுகோலிலும் 12 மைக்ரோலிட்டர் வீதம் ஏற்றினால் ஒவ்வொரு தடத்திலும் 500 நானோகிராம் டி.என்.ஏ. இருக்கும். அளவுகோலை மாதிரியின் இரு பக்கத்திலும் போடுங்கள். ஜெல்லின் நடுப்பகுதி சூடேறி, நடுத்தடங்கள் ஓரத்தடங்களைவிட முந்துவதுண்டு. இரு பக்க அளவுகோல்களும் ஒரே மட்டத்தில் நின்றால் அந்தக் கோணல் இல்லை என்று தெரியும். இல்லையென்றால் இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம்.

மின்வாய்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் சென்டிமீட்டருக்கு 5 வோல்ட்டைத் தாண்டாதீர்கள். 15 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள தொட்டிக்கு 75 வோல்ட். புரோமோபீனால் நீலம் ஜெல்லின் முக்கால் பங்கைக் கடந்ததும் நிறுத்துங்கள்.

எத்திடியம் புரோமைடை ஜெல்லிலேயே கலந்துவிடும் பழக்கம் பல ஆய்வகங்களில் இருக்கிறது. பட்டை வந்ததா என்று பார்க்க மட்டும் அது போதும். நீளத்தை அளக்கப் போகிறீர்கள் என்றால் ஓட்டி முடித்தபின் சாயமேற்றுங்கள். இந்தச் சாயம் டி.என்.ஏ. படிகளுக்கு இடையே செருகி, மூலக்கூறை நீட்டி, அதன் மின்சுமையையும் குறைப்பதால் ஓட்ட வேகம் மாறிவிடுகிறது. மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் கரைசலில் அரை மணி நேரம் ஊறினால் போதும். இது மரபணு மாற்றம் உண்டாக்கக்கூடிய பொருள். கையுறை கட்டாயம். கரைசலைக் கழுவுதொட்டியில் கொட்டாமல் தனிக் கழிவுக் குடுவையில் சேருங்கள். புற ஊதா விளக்கை இயக்கும்போது முகக்காப்பு அணியுங்கள்.

படம் எடுக்கும்போது, ஒளிரும் அளவுகோல் ஒன்றை ஜெல்லின் ஓரத்தில் குழிகளின் முன்விளிம்பு பூச்சியமாகும்படி வையுங்கள். பிறகு படத்தைப் பெரிதாக்கி அளக்கலாம். ஒவ்வொரு பட்டையிலும் ஒரே இடத்தை, குறிப்பாக முன்விளிம்பை, அளவெடுங்கள். ஒன்றில் நடுவையும் இன்னொன்றில் விளிம்பையும் எடுத்தால் அரை மில்லிமீட்டர் பிழை அங்கேயே சேர்ந்துவிடும்.

முதல் சாட்சி: தூரம்

கீழே உள்ள அளவீடுகள், இந்த முறைப்படி ஓட்டிய சிறு ஜெல்லில் கிடைக்கக்கூடியவற்றை ஒட்டிக் கணக்குப் பயிற்சிக்காக அமைத்தவை. உங்கள் ஜெல்லில் தூரங்கள் வேறாக இருக்கும், வழி மாறாது.

அளவுகோல் தடம்:

| துண்டின் நீளம் (கார இணை) | ஓடிய தூரம் (மி.மீ.) |
|---|---|
| 23,130 | 15.0 |
| 9,416 | 21.0 |
| 6,557 | 26.0 |
| 4,361 | 32.5 |
| 2,322 | 43.5 |
| 2,027 | 46.0 |
| 564 | 69.0 |

மாதிரித் தடத்தில் ஐந்து பட்டைகள் 15.5, 24.5, 28.0, 30.5, 36.0 மில்லிமீட்டரில் நிற்கின்றன.

அரை மடக்கை வரைதாளில் மடக்கை அச்சில் நீளத்தையும் சாதாரண அச்சில் தூரத்தையும் குறித்துப் புள்ளிகளை இணையுங்கள். கீழ்ப்பகுதி கிட்டத்தட்ட நேராகவும், 6,557-க்கு மேல் வளைந்தும் இருப்பது உடனே தெரியும். எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே நேர்கோட்டைப் போட வேண்டாம். அந்தக் கோடு இரு கோடியிலும் பொய் சொல்லும். மாதிரிப் பட்டையை இரு பக்கமும் அணைத்து நிற்கும் இரண்டு அளவுகோல் பட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு இடையே கணியுங்கள்.

36.0 மி.மீ. பட்டையைப் பார்ப்போம். அது 4,361-க்கும் (32.5) 2,322-க்கும் (43.5) நடுவே நிற்கிறது. இரண்டுக்கும் இடைவெளி 11 மி.மீ. நம் பட்டை 4,361-இலிருந்து 3.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. எனவே மடக்கையில் 3.5/11 பங்கு இறங்க வேண்டும். விரிதாளில் இப்படி எழுதலாம்:

```
=10^(LOG10(4361)-(36-32.5)/(43.5-32.5)*(LOG10(4361)-LOG10(2322)))
```

விடை 3,569. அதை 3,570 என்று வைத்துக்கொள்வோம். மடக்கை எடுக்காமல் சாதாரண விகிதத்தில் கணக்கிட்டிருந்தால் 3,710 வந்திருக்கும். இரண்டும் ஒரே அளவீட்டிலிருந்து வந்தவை. 140 கார இணை வித்தியாசம் கணக்கு முறையால் மட்டுமே வருகிறது.

மற்ற நான்கையும் இதே வழியில் கணக்கிட்டால் 30.5 மி.மீ. பட்டைக்கு 4,940, 28.0-க்கு 5,780, 24.5-க்கு 7,310, 15.5-க்கு 21,500 கிடைக்கின்றன.

இந்த எண்களின் நம்பகம் ஒன்றுபோல் இல்லை. அரை மில்லிமீட்டர் தவறி அளந்திருந்தால் 3,570 பட்டையில் வரும் பிழை ஏறக்குறைய 100 கார இணை, அதாவது 3%. அதே அரை மில்லிமீட்டர் 21,500 பட்டையில் 1,700 வரை தூக்கிப்போடும், அதாவது 8%. மேலே போகப் போகப் பட்டைகள் நெருங்கி நிற்பதால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்குள்ளும் ஆயிரக்கணக்கான கார இணைகள் அடங்கிவிடுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அடுத்த சாட்சியை விசாரிக்க வேண்டும்.

இரண்டாம் சாட்சி: கூட்டுத்தொகை

ஐந்து நீளங்களையும் கூட்டுங்கள். 21,500 + 7,310 + 5,780 + 4,940 + 3,570 = 43,100. லாம்டாவின் நீளம் 48,502. கணக்கில் 5,400 குறைகிறது.

இது அளவீட்டுப் பிழையாக இருக்கலாமா? மிகப் பெரிய பட்டையில் 1,700 வரை பிழைக்கு இடமுண்டு, மற்றவற்றில் 100, 200. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தாலும் 5,400-ஐ நெருங்காது. எனவே ஒரு துண்டு நம் கணக்கில் விட்டுப்போயிருக்கிறது. அது அடிக்கோடியில் ஓடி மறைந்த சிறு துண்டாகவும் இருக்க முடியாது. 5,400-ஐ நிரப்ப அப்படிப் பல துண்டுகள் வேண்டும். ஆகவே ஏதோ ஒரு பட்டைக்குள் இரண்டு துண்டுகள் ஒன்றாக நிற்கின்றன.

எந்தப் பட்டை? கூட்டுத்தொகை மட்டும் இதைச் சொல்லாது. 5,780-ஐ இருமுறை கூட்டினால் மொத்தம் 48,880, உண்மையைவிட 378 அதிகம். 4,940-ஐ இருமுறை கூட்டினால் 48,040, உண்மையைவிட 462 குறைவு. முதல் பட்டையின் பிழைக்கு முன் இந்த 378-க்கும் 462-க்கும் வித்தியாசமே கிடையாது. மிக நெருங்கி வந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று இங்கே முடிவெடுப்பது ஊகம்தான். மூன்றாம் சாட்சியை அழைக்க வேண்டும்.

மூன்றாம் சாட்சி: பிரகாசம்

முழுமையாக வெட்டப்பட்ட மாதிரியில் ஒவ்வொரு லாம்டா மூலக்கூறும் ஒவ்வொரு துண்டிலும் ஒன்றைத் தருகிறது. துண்டுகளின் எண்ணிக்கை சமம், எடை மட்டும் நீளத்துக்கேற்ப மாறும். சாயம் ஒட்டுவது எடைக்கு ஏற்ப. எனவே மேலிருந்து கீழே வரவரப் பட்டைகள் படிப்படியாக மங்க வேண்டும். கீழுள்ள பட்டை மேலுள்ளதைவிடப் பளிச்சென்று இருந்தால், அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட துண்டு இருக்கிறது.

500 நானோகிராம் ஏற்றியிருக்கிறோம். ஒவ்வொரு பட்டையிலும் ஒரே துண்டு என்று வைத்துக்கொண்டு, எவ்வளவு டி.என்.ஏ. இருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். நீளத்தை 48,502-ஆல் வகுத்து 500-ஆல் பெருக்கினால் போதும்.

| கணித்த நீளம் | ஒரே துண்டென்றால் (நானோகிராம்) | இரு துண்டுகள் என்றால் |
|---|---|---|
| 21,500 | 222 | – |
| 7,310 | 75 | 150 |
| 5,780 | 60 | 120 |
| 4,940 | 51 | 102 |
| 3,570 | 37 | 74 |

இப்போது படத்தைப் பாருங்கள். 28.0 மி.மீ. பட்டை, அதற்கு மேலுள்ள 7,310 பட்டையைவிடத் தெளிவாகப் பளிச்சென்று இருக்கும். 75-க்கு எதிரே 120 என்பது கண்ணுக்கே தெரியும் வித்தியாசம். 4,940 பட்டையோ வரிசைக்கு அடங்கி, 7,310-ஐவிட மங்கலாகவே இருக்கும். எனவே இரட்டைத்துண்டு 5,780 பட்டையில்தான். சற்றுத் தடித்தும் இருந்தால் இன்னும் உறுதி.

ஆனால் படம் எடுக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். வெளிச்சம் மிகுந்து பட்டைகள் முழு வெள்ளையாகிவிட்டால் இந்தச் சாட்சி வாயடைத்துப் போகும். எல்லாமே ஒரே பிரகாசமாகத் தெரியும். அழகாகத் தெரியட்டும் என்று அதிக நேரம் ஒளிபட வைத்த படம் அளவீட்டுக்கு உதவாது. ஒரே ஜெல்லைக் குறைந்த நேரம், நடுத்தர நேரம், அதிக நேரம் என மூன்று படங்கள் எடுத்து வையுங்கள். பிரகாசத்தை முதல் படத்தில் ஒப்பிடுங்கள், மங்கலான பட்டைகளை மூன்றாவதில் தேடுங்கள்.

உண்மை விடை

எழுத்துவரிசையிலிருந்து கணக்கிட்டால், ஈக்கோஆர்-1 லாம்டாவை ஐந்து இடங்களில் வெட்டி ஆறு துண்டுகளைத் தருகிறது. அவை 21,226, 7,421, 5,804, 5,643, 4,878, 3,530. நம் கணிப்புகள் எல்லாமே 2.5%-க்குள் இருக்கின்றன. 5,780 என்று படித்த பட்டையில் 5,804-உம் 5,643-உம் சேர்ந்து நின்றிருந்தன.

அவை ஏன் பிரியவில்லை என்பதற்கும் நம் அளவுகோலே விடை சொல்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 161 கார இணை, 3%-க்கும் குறைவு. நம் ஜெல்லின் அந்தப் பகுதியில் அது அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. பட்டையின் தடிமனே ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போது இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் 0.7% அகரோசில் 20 சென்டிமீட்டர் நீள ஜெல் வார்த்து, மெல்லிய சீப்பைப் போட்டு, தடத்துக்கு 100 நானோகிராம் மட்டும் ஏற்றி, சென்டிமீட்டருக்கு 1.5 வோல்ட்டில் இரவு முழுக்க ஓட்டுங்கள். காலையில் ஒட்டிப் பிறந்ததுபோல் இரண்டு மெல்லிய கோடுகள் தெரியும்.

சாட்சிகள் முரண்படும்போது

கூட்டுத்தொகை 48,502-ஐ மிகவும் தாண்டினால், வெட்டு முழுமையாகவில்லை. சில மூலக்கூறுகளில் ஓர் இடம் வெட்டப்படாமல் இரண்டு துண்டுகள் சேர்ந்தே ஓடுகின்றன. இங்கும் பிரகாசம் காட்டிக்கொடுக்கும். அந்தக் கூடுதல் பட்டை, தனக்குக் கீழுள்ள சிறிய பட்டைகளைவிட மங்கலாக இருக்கும். முழு வெட்டில் அப்படி நடக்காது. அதன் நீளம் வேறு இரு பட்டைகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வந்தால் சந்தேகமே வேண்டாம். மீதமுள்ள மாதிரியில் ஏற்றுச் சாயம் சேர்க்காதிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் 37 டிகிரியில் வைத்து மறுபடி ஓட்டுங்கள். பட்டை மறைந்துவிடும்.

3,530 பட்டை மட்டும் இருக்கவேண்டியதைவிட மிக மங்கலாக இருந்தால், 65 டிகிரி சூட்டை மறந்திருக்கிறீர்கள். 3,530 லாம்டாவின் வலக்கோடித் துண்டு, 21,226 இடக்கோடித் துண்டு. இரண்டும் முனைகளால் ஒட்டி 24,756 நீளத்தில் மேலே ஓடிவிட்டன. மேலே ஒரு புதிய பட்டையைத் தேடினால் எளிதில் கிடைக்காது. அந்தப் பகுதியில் 21,000-உம் 24,000-உம் ஏறக்குறைய ஒரே இடம். கீழே மங்கியதுதான் நம்பத்தகுந்த தடயம். அளவுகோல் தடத்திலும் இதே கோளாறு வரும். அங்கே மங்குவது 4,361 பட்டை.

பட்டைகள் கீழே பிறைபோல் வளைந்து, பின்னால் வால் இழுத்தால் அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறீர்கள். மிகுந்த டி.என்.ஏ.வின் முன்விளிம்பு தன் இடத்தைத் தாண்டி முந்தும், நீளம் குறைவாகப் படிக்கப்படும். மாதிரியில் மட்டும் உப்பு மிகுந்திருந்தால் அந்தத் தடம் பின்தங்கி, நீளம் அதிகமாகத் தெரியும். அதனால்தான் அளவுகோலையும் நாமே அதேபோன்ற பஃபரில் வெட்டி, அதே எடையில் ஏற்றினோம்.

இந்த அளவுகோல் இருமுனையுள்ள நேரான டி.என்.ஏ.வுக்கு மட்டுமே பொருந்தும். வெட்டாத பிளாஸ்மிடு வளையமாக முறுக்கிக்கொண்டு, தன் நீளத்துக்குரிய இடத்தைவிட முன்னால் ஓடும். அந்தப் பட்டையை அளவுகோலோடு ஒப்பிட்டு நீளம் எழுதக் கூடாது. ஓரிடத்தில் வெட்டும் நொதியால் அதை நேராக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

மூன்று சாட்சிகளாலும் பிடிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஹின்ட்-3 வெட்டில் உண்மையில் எட்டுத் துண்டுகள் உண்டு. நம் அட்டவணையில் ஏழுதான் இருந்தன. எட்டாவதின் நீளம் 125. 500 நானோகிராம் ஏற்றினாலும் அதன் பங்கு 1.3 நானோகிராம். எத்திடியம் புரோமைடால் காணக்கூடியதன் எல்லை அது, சாதாரணமாகத் தெரியாது. 48,502-இல் 125 குறைந்தால் கூட்டுத்தொகையும் கண்டுகொள்ளாது. முதல் பட்டையின் பிழையே அதைவிடப் பல மடங்கு. சிறு துண்டுகள் இல்லை என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் 2% அகரோசில் அதிக மாதிரியை ஏற்றிக் குறைந்த நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை, இந்த ஜெல்லில் சுமார் 500-க்குக் கீழுள்ள துண்டுகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று குறிப்பேட்டில் எழுதுவதே நேர்மை.

குறிப்பேட்டில் எப்படி எழுதுவது

விரிதாள் 3,568.6 என்று காட்டும். அதை அப்படியே எழுதாதீர்கள். 3% பிழையுள்ள அளவீட்டுக்கு இரண்டு இலக்கங்கள் போதும். இந்த ஜெல்லின் முடிவை நான் இப்படி எழுதுவேன்: "21,000 (2,000 கூடவோ குறையவோ இருக்கலாம்), 7,300, 5,800 (பிரகாசத்தின்படி இரண்டு துண்டுகள்), 4,900, 3,600. கூட்டுத்தொகை 48,400. 500-க்குக் கீழே பார்க்கப்படவில்லை." இதோடு ஜெல்லின் செறிவு, பஃபர், வோல்ட், ஓட்டிய நேரம், ஏற்றிய எடை, அளந்த தூரங்கள் எல்லாவற்றையும் சேருங்கள். வேறொருவர் அதே தூரங்களிலிருந்து மறுபடி கணக்கிட்டு உங்கள் முடிவுக்கு வர முடிய வேண்டும்.

நாளை லாம்டாவுக்குப் பதில், மொத்த நீளம் தெரியாத ஒரு டி.என்.ஏ. உங்கள் கைக்கு வரும். அப்போது கூட்டுத்தொகையை ஒப்பிட ஓர் எண் இருக்காது. இரண்டு, மூன்று நொதிகளால் தனித்தனியே வெட்டி, ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். குறைவாக வரும் வெட்டில்தான் ஒரு துண்டு ஒளிந்திருக்கிறது. அந்தத் தடத்துக்குத் திரும்பிப் போய், எந்தப் பட்டை வரிசையை மீறிப் பளிச்சிடுகிறது என்று பாருங்கள்.